பையின் பின்பக்கம்

முப்பத்திநான்கு வருஷம் லேபிள் அச்சடித்த மனிதர், அதில் ஒன்றையாவது உட்கார்ந்து படித்திருப்பாரா என்றால் சத்தியமாக இல்லை. சோப்பு, பிஸ்கட், இருமல் மருந்து, எலி மருந்து என்று உலகத்தில் உள்ள அத்தனைக்கும் அவர் கையால் லேபிள் ஓடியிருக்கிறது. நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் விழுந்திருக்கிறதா, எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா, வெட்டுக்குறி நேராக இருக்கிறதா, அதோடு அவர் வேலை முடிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்பது வாடிக்கையாளர் பாடு. தெருவில் அவருக்கு லேபிள்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது. அச்சகத்தை விட்டு மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அவருக்கு இன்னொரு பேரும் பொருந்தும், ஆனால் யாரும் வைக்கவில்லை. பேசாமடந்தை. அதுவும் தொலைபேசியில் என்றால் கேட்கவே வேண்டாம், நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே மகள் விடுதியிலிருந்து கூப்பிட்ட காலத்திலும் சரி, வேலைக்குப் போன ஊரிலிருந்து கூப்பிட்ட காலத்திலும் சரி, இவர் எடுத்தால் சொல்வது ஒரே வாக்கியம்: "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்." அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தாயும் மகளும் பேசுவார்கள். இவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பர் படிக்கிற பாவனையில், ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மகளோடு தானும் பேசிவிட்ட திருப்தி.

அந்த ஏற்பாடு இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவியோடு போய்விட்டது. அடுத்த ஆறாவது மாதம் மகளுக்குக் குளிர்நாட்டில் ஒரு கால்நடைத் தீவனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. போகவா வேண்டாமா என்று கேட்டாள். "போம்மா" என்றார். ஒரே சொல். போகாதே என்று உள்ளே எத்தனை முறை சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவள் வளர்த்த நாயை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள். உடம்பெல்லாம் அடர்ந்த வெள்ளை ரோமம் என்பதால் அதற்குப் பஞ்சு என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கூப்பிடுவாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"பஞ்சு?"

"அவனும் ஆச்சு."

"பிரஷர் மாத்திரை?"

"போட்டேன்."

அப்புறம் ஒரு மௌனம் வரும். அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்கும். "சரிப்பா, வெச்சிரட்டுமா?" "சரிம்மா." மொத்தம் இரண்டு நிமிஷம். சொல்ல நினைத்ததெல்லாம் வைத்த பிறகுதான் வரிசை கட்டிக்கொண்டு வரும். தண்ணீர்க் குழாய் ஒழுகியது, எதிர்வீட்டில் புதுசாகக் குடிவந்தது, உன் அலமாரியை அப்படியே வைத்திருக்கிறேன் என்பது. எல்லாவற்றையும் பஞ்சுவிடம் சொல்வார். அது கேட்டுக்கொள்ளும், பாவம், வேறு என்ன செய்யும்.

ஒரு ஞாயிறு மௌனம் தாங்காமல், வாய்ப் பழக்கத்தில், "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. அன்றைக்கு யார் முதலில் வைத்தார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை.

கோடை வந்தது. கோடை என்றால் சாதாரணக் கோடை இல்லை. காலை ஒன்பது மணிக்கே சிமெண்ட் தரை கொதிக்கிற கோடை. பஞ்சு குளியலறைத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. நடக்க வா என்றால் எழுந்திருக்காது. சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதல் நாள் வெயில் என்று நினைத்தார். மூன்றாம் நாளும் தட்டு அப்படியே இருந்தது. மகள் விட்டுவிட்டுப் போனதில் மூச்சு விடுகிற ஒன்று இதுதானே.

ஞாயிற்றுக்கிழமை சொன்னார். "பஞ்சு சாப்பிட மாட்டேங்கறான்மா."

"என்னது? எத்தனை நாளா? என்ன போடறீங்க?"

"அதான், அந்தப் பெரிய மூட்டை. பதினஞ்சு கிலோ."

"எந்தக் கம்பெனிப்பா? பையைப் பாத்துச் சொல்லுங்க. பின்பக்கம் பொடி எழுத்துல பொருள் பட்டியல் இருக்கும், அதப் படிங்க."

பை இருந்தது. தீனியை பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிவிட்டு, பையை மடித்து அலமாரியில் வைத்திருந்தார். காரணம், அச்சு அவ்வளவு நேர்த்தி. பனிமலை முன்னால் ஒரு வெள்ளை நாய் ஓடுகிற படம். வாங்கியதே அந்தப் படத்துக்காகத்தான். மகள் அனுப்பிய புகைப்படத்தில் அவள் வீட்டு வாசலில் இதே மாதிரிப் பனி கிடந்தது. இதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அச்சகத்தில் மைப்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த சின்ன லென்ஸைத் தேடி எடுத்தார். பையைத் திருப்பினார். பொடியிலும் பொடி எழுத்து. "எவன்டா இவ்வளவு சின்னதா போட்டான்" என்று முணுமுணுத்தவருக்கு, 'பின்பக்கத்தை இன்னும் சின்னதாக்குங்க சார், முன்பக்கத்துக்கு இடம் வேணும்' என்று வாடிக்கையாளர்கள் சொன்னதும், அப்படியே ஆகட்டும் என்று தான் சின்னதாக்கிக் கொடுத்ததும் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

"கோழி" என்று ஆரம்பித்தார். "அப்புறம் கோழி மாவுன்னு போட்டிருக்கு. கோழிக் கொழுப்பு. அரிசி. அரிசிக் குருணை. அரிசித் தவிடு. மீன் எண்ணெய்."

"இருங்க இருங்க. அது எடை வரிசைப்பா. எது அதிகமோ அது முதல்ல. ஆனா வேக வைக்கிறதுக்கு முன்னாடி எடை. பச்சைக் கோழில முக்கால்வாசி தண்ணி. காஞ்சப்புறம் அது எவ்வளவு கீழ போகும்னு பாருங்க. கோழி மாவுங்கறது ஏற்கெனவே தண்ணி எடுத்து அரைச்சது. நிஜமான சத்து அதுலதான் இருக்கு."

"அப்ப முதல்ல கோழின்னு போட்டது ஏமாத்தா?"

"ஏமாத்து இல்லப்பா, கெட்டிக்காரத்தனம். அரிசியவும் பாருங்க, மூணாப் பிரிச்சுப் போட்டிருக்கான். ஒண்ணாச் சேத்தா அதுதான் முதல்ல வந்திருக்கும்."

லேபிள்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, பையைத் தூர நீட்டிப் பார்த்தார். முப்பத்திநான்கு வருஷமாகத் தன் கையால் ஓட்டியதில் இவ்வளவு சங்கதி இருந்ததா! அவருக்குக் கோபமும் வந்தது, சுவாரசியமும் வந்தது.

"உப்பு எங்க வருதுன்னு பாருங்க."

"நடுவுல வருது."

"உப்பு எப்பவும் ஒரு சதவீதம் சுத்திதான் போடுவாங்க. அதுக்குக் கீழ வர்றதெல்லாம் அதுக்கும் கம்மி, ஒரு சிட்டிகைதான். முன்பக்கம் பழம் படம் போட்டிருப்பான், பின்பக்கம் உப்புக்குக் கீழ இருக்கும்."

"அடப்பாவி, ஆமா! புளூபெர்ரி. முன்னாடி கூடை நிறைய படம். இங்க உப்புக்கு அப்புறம் எட்டாவது."

அவள் சிரித்தாள். வாய் விட்டு. அம்மாவிடம் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு. லேபிள்காரருக்கு நாற்காலி தேவைப்பட்டது, இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப கொழுப்பு எவ்வளவுன்னு பாருங்க. கட்டம் கட்டிப் போட்டிருப்பான்."

"புரதம் குறைஞ்சது முப்பது. கொழுப்பு குறைஞ்சது இருபது."

"இருபதா! இது பனியில நாள் பூரா ஓடற நாய்க்குச் செஞ்சதுப்பா. அங்க வெயில்ல பஞ்சு எங்க ஓடறான்? படுத்தே கிடக்கறவனுக்கு இவ்வளவு தேவையில்ல. கெட்டுப்போகாம இருக்க என்ன போட்டிருக்கான்?"

எழுத்துக் கூட்டினார். "டோ... கோ... ஃபெ... ரால்."

"விட்டமின் ஈ. நல்லதுதான், ஆனா உங்க சூட்டுக்கு ரொம்ப நாள் தாங்காது. பைய எப்ப பிரிச்சீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"போய் டிரம்மை மோந்து பாருங்க."

போனார். மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை முகத்தில் அடித்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாசனைதான். அச்சகத்தில் மூடாமல் விட்ட டப்பாவில் ஆடை கட்டிப்போன மையின் வாசனை. திரும்பி வந்து அதைச் சொன்னார்.

"அதேதாம்ப்பா!" என்றாள் மகள். "உங்க மைல இருக்கிறதும் எண்ணெய், இதுல இருக்கிறதும் எண்ணெய். காத்தும் சூடும் பட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் கெடும். பஞ்சு மூக்கு பொய் சொல்லல. எங்க லேப்ல இதக் கண்டுபிடிக்க மெஷின் வெச்சிருக்கோம், நீங்க மூக்காலயே சொல்லிட்டீங்க!"

வைக்கும்போது மணி பார்த்தார். நாற்பத்தேழு நிமிஷம்.

அந்த நாற்பத்தேழு நிமிஷத்தை அவர் அந்த வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தார். மகள் சொன்னபடி டிரம்மைக் காலி செய்து, பஞ்சுவுக்குத் தயிர்ச்சோறு பிசைந்து வைத்து, பிராணிகள் கடைக்குப் போய், கடைக்காரப் பெண் நீட்டிய பைகளையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்து, நீலப் பை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடைக்காரப் பெண் 'கோடை ஸ்பெஷல்' என்று பனிக்கட்டிப் படம் போட்ட பையைத்தான் தலையில் கட்டப் பார்த்தாள். அதன் பின்பக்கத்தையும் அதே கம்பெனியின் சாதாரணப் பையின் பின்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரு எழுத்து மாற்றமில்லை. "பனிக்கட்டி மட்டும்தாம்மா புதுசு" என்றார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நீலப் பையில் கோழி மாவு முதலில் இருந்தது. புரதம் இருபத்தாறு, கொழுப்பு பதின்மூன்று, ஈரம் ஒன்பதுக்கு மேல் இல்லை. மூன்றே கிலோ, தயாரித்து இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். முப்பத்தெட்டு நிமிஷம். "இதுதாம்ப்பா, இதையே வெச்சுக்கங்க" என்றாள் மகள். "பையோடவே இறுக்கி மூடி, டிரம்முக்குள்ள வைங்க. பழசு கொஞ்சம் புதுசு கொஞ்சமா கலந்து மாத்தறதுதான் முறை. ஆனா பழசு கெட்டுப்போச்சே, அதனால புதுசையே முதல்ல கொஞ்சம் கொஞ்சமா குடுத்து ஒரு வாரத்துல முழு அளவுக்கு வாங்க." அப்படியே செய்தார். பஞ்சு தட்டை நக்கி வழித்தது. வாலும் ஆடியது. அதிகாலையில் தெருக்கோடி வரை நடந்துவிட்டும் வந்தது.

அடுத்த ஞாயிறு.

"பஞ்சு சாப்பிடறானாப்பா?"

"நல்லா சாப்பிடறான்."

"அப்பாடா. நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சு."

மௌனம். "சரிப்பா, வெச்சிரட்டுமா?"

இரண்டு நிமிஷம்.

லேபிள்காரர் கையில் போனோடு நின்றுகொண்டே இருந்தார். நாய் நன்றாக இருந்தால் மகள் வைத்துவிடுகிறாள். இப்படி ஒரு கணக்கு மனசில் விழக்கூடாது, விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அது அவரைத் தூங்க விடுமா?

அதற்கடுத்த ஞாயிறு, "அந்த நீலப் பை இவனுக்கு அவ்வளவா ஒத்துக்கலம்மா" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்படியா? வயிறு சரியில்லையா? வேற பை ஏதாவது பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். பச்சைப் பை மடியிலேயே இருந்தது. "படிக்கட்டுமா?" என்றார். போட்டோ எடுத்து அனுப்புங்களேன் என்றாள். போனில் எழுத்து கலங்கலாக விழுகிறது என்றார். நாலு நிறம் முடியளவு விலகினால் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாதாம்! அவளும் நம்பினாள், அல்லது நம்பியதாகச் சொன்னாள். லென்ஸை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். ஆட்டுக்கறி மாவு, சோளம், பட்டாணி. பட்டாணியிலிருந்து பேச்சு அவள் தங்கியிருக்கும் அறைக்குப் போனது. பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை செய்கிறவளுக்குக் குழந்தை பிறந்ததற்குப் போனது. நாற்பத்தோரு நிமிஷம்.

இத்தனைக்கும் இவர் நாணயமான மனிதர், அதுதான் வினை. வேறொருவராக இருந்தால் பச்சைப் பையைப் படித்துக்காட்டிவிட்டு நீலப் பையையே போட்டிருப்பார். இவருக்கு மனசு ஒப்பவில்லை. மகளிடம் மாற்றினேன் என்று சொன்னால் மாற்றியிருக்க வேண்டும். ஒத்துக்கவில்லை என்று சொன்னால் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாரமும் நிஜமாகவே மாற்றினார். கலந்து மாற்ற ஏழு நாள் வேண்டும். கலந்து முடிந்தால் ஞாயிறு வந்துவிடுகிறது, திங்கள் அடுத்த பை. பச்சைக்குப் பின் சிவப்பு, சிவப்புக்குப் பின் வாத்துப் படம் போட்டது, அப்புறம் மீன், அப்புறம் முட்டை, அப்புறம் தானியமே இல்லாதது. சமையலறை மேடையில் வாய் மடித்துக் கிளிப் போட்ட பைகள் வரிசையாக நின்றன.

மாடியில் குடியிருந்த அவருடைய அக்கா ஒருநாள் இறங்கி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "என்னடா இது, கடை வெக்கப் போறியா?"

"பஞ்சுக்கு ஒத்துக்க மாட்டேங்குதுக்கா."

"ஒத்துக்காதது அவனுக்கா, உனக்கா?"

அக்காவுக்கு நாக்கில் முள். ஆனால் கண் அவளுக்கு எப்பவும் சரியாகத்தான் தெரியும். இவர் கிளிப்புகளை நேராக்கினார்.

கடையில் இருந்த பைகள் ஏழோடு தீர்ந்தன. எட்டாவது ஞாயிறு என்ன செய்வது? தலைகீழாக நின்றாலும் எட்டாவது பை இல்லை. பழைய நீலப் பையை எடுத்துப் புதுசு போலப் படித்தார். கோழி மாவு, அரிசி, புரதம் இருபத்தாறு, கொழுப்பு பதின்மூன்று. மகள் இடையிடையே ம்... ம்... என்றாள். ஐம்பத்திரண்டு நிமிஷம் கேட்டாள். கடைசியில், "இது நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள். குரல் என்னவோ போல் இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஞ்சு எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரமாகவே வயிறு இளக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் கவனிக்காமல் இல்லை. ஒத்துக்கவில்லை என்று சொல்வதற்கு அது உண்மையாகவும் ஆயிற்றே என்று, கடவுளே, ஒரு மூலையில் நிம்மதிகூடப் பட்டிருந்தார். இப்போது குளியலறைத் தரையில் அது கிடந்த கிடையைப் பார்த்ததும் மாடியிலிருந்த அக்காவைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் மண்டியிட்டார். ஈறைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. கழுத்துத் தோலைப் பிடித்து விட்டால் அப்படியே நின்றது. அக்கா ஆட்டோ பிடித்து வந்தாள். ஈரத்துண்டில் சுற்றி, அத்தனை கனத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் "பஞ்சு, டேய் பஞ்சு" என்றுகொண்டே போனார்.

கால்நடை டாக்டர் இளவயசு, பேச்சுக் குறைவு. ரோமத்தை மழித்து முன்காலில் டிரிப் ஏற்றினார். வெயிலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார். சோதித்துப் பார்த்ததில் புழு இல்லை, காய்ச்சல் பெரிதாக இல்லை.

"என்ன தீனி போடறீங்க?"

லேபிள்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் நாலாவதோடு பேனாவை நிறுத்தினார்.

"எத்தனை வாரத்துல?"

"எட்டு வாரம் இருக்கும்."

"எட்டு வாரத்துல ஏழா? சார், நீங்க சொன்னதுல பாதி நல்ல தீனிதான். முதல்ல சொன்னீங்களே நீலப் பை, அது இந்த வெயிலுக்குப் பொருத்தமானது. அதுல நல்லா இருந்தானா?"

"நல்லா இருந்தான்."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

சுவரில் நாயின் குடல் படம் மாட்டியிருந்தது. லேபிள்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து பஞ்சுவின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவராக மகளைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். "அப்பா? என்னாச்சுப்பா? ஏன்ப்பா?" பின்னால் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"பஞ்சு இருக்கான்மா. உயிருக்கு ஒண்ணுமில்ல. டிரிப் ஏறுது." மூச்சு வாங்கினார். "தப்பு எம்மேலதான். நீலப் பை அவனுக்கு ஒத்துக்கிச்சு. நல்லாவே ஒத்துக்கிச்சு. நான்தான் பொய் சொன்னேன். வாரா வாரம் மாத்தி மாத்தி, அவன் வயித்தக் கெடுத்துட்டேன்."

"ஏன்ப்பா?"

கேட்டுவிட்டாள். நாக்கு வழக்கம்போல மேலே போய் ஒட்டப் பார்த்தது. அம்மாகிட்ட குடுக்கறேன் என்று சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை.

"எனக்குப் பேசத் தெரியலம்மா" என்றார். "உங்கம்மாவுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பை இருந்தாத்தான் பேச்சு வருது. பை முடிஞ்சா நீ வெச்சிருவ."

இயந்திரச் சத்தம் விலகியது. எங்கோ கதவு சாத்தியது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"எனக்கு மூணாவது பையிலயே தெரியும்ப்பா. எல்லாமே ஒத்துக்காத நாய் உண்டா? ஞாயித்துக்கிழமை நீங்க படிச்சது அதே நீலப் பை. நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஒவ்வொரு வரியும் அதேதான்."

"தெரிஞ்சும் கேட்டியா?"

"நீங்க படிக்கட்டும்னுதான் கேட்டேன். நீங்க சும்மா எனக்காகப் படிக்கிறீங்க, அவனுக்கு நீலப் பைதான் போடறீங்கன்னு நெனச்சேன். நிஜமாவே மாத்துவீங்கன்னு எனக்குத் தெரியலையேப்பா. தெரிஞ்சிருந்தா முதல் நாளே நிறுத்தியிருப்பேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு எனக்குத் தோணியிருக்கணும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ஆனால் யாரும் வைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் பஞ்சு வீட்டுக்கு வந்தது. முன்காலில் ஒரு சதுரம் மட்டும் மொட்டையாக இருந்தது. நாலு நாள் டாக்டர் சொன்ன பத்தியம், அப்புறம் சிறுகச் சிறுக நீலப் பை. மற்ற ஆறு பைகளையும் அக்கா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் நாய்க் காப்பகத்தில் கொடுத்தாள். அங்கே நிறைய வயிறு இருக்கிறது, ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும் என்றாள். சமையலறை மேடை வெறிச்சென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தது. லேபிள்காரர் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். லென்ஸ் எதிரில் கிடந்தது. படிக்க எதுவும் இல்லை.

"பஞ்சு?"

"சாப்டான். இப்ப என் கால்மேல தலை வெச்சுத் தூங்கறான்."

"நீங்க?"

"ஆச்சு."

அந்த மௌனம் வந்தது. இதோ வைக்கப்போகிறாள் என்று அவர் காதில் போனை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அப்பா," என்றாள் மகள், "இன்னைக்கு நான் படிக்கட்டுமா?"

"என்னத்த?"

"என் சாப்பாடு. டின்ல அடைச்ச சூப்பு. கையில வெச்சிருக்கேன்." காகிதம் உரசுகிற சத்தம். "தண்ணி. உருளைக்கிழங்கு. பாலாடை. சோள மாவு. உப்பு. அப்புறம் கோழி."

லேபிள்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோழி உப்புக்குக் கீழயா வருது?"

"ஆமாப்பா."

"முன்பக்கம் என்ன படம்?"

"முழுக் கோழி. ஆவி பறக்குது."

"அடப்பாவிகளா." அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "சிட்டிகைக் கோழிய வெச்சு உன்ன ஏமாத்தறான். தினமும் இதத்தான் திங்கறியா?"

"பெரும்பாலும்."

நாய்க்கு எத்தனை சதவீதம் புரதம், எத்தனை சதவீதம் கொழுப்பு என்று எட்டு வாரம் லென்ஸ் வைத்துப் பார்த்தவர், பெற்ற பெண் என்ன சாப்பிடுகிறாள் என்று ஒருநாள் கேட்கவில்லை. ஆச்சா என்று அவள் கேட்டாள், ஆச்சு என்று இவர் சொன்னார், அத்தோடு சரி.

"யார்கூடம்மா உக்காந்து சாப்பிடுவ?" என்றார்.

"யாருமில்லப்பா" என்றாள். "அதான் உங்களுக்குப் படிச்சேன்."

பஞ்சு தூக்கத்தில் ஒரு தடவை காலை உதறியது. லேபிள்காரர் அதன் தலையில் கையை வைத்தார். மறுகையால் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சரி, சூப்ப தட்டுல ஊத்திக்கிட்டு உக்காரு. நானும் தட்டு எடுத்துட்டு வரேன்" என்றார். "வெக்காத. வந்ததும் முதல்லேர்ந்து படி, மெதுவா."